வண்டியை விற்றால் வரி உண்டா?

யமஹா ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு நின்றது 1996-ல். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குக் கைமாறிய வண்டி, எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் இன்று லட்சத்துக்கு மேல் கேட்கப்படுகிறது. அப்படி ஒருவர் 25,000-க்கு வாங்கி, அன்றாடம் ஓட்டி, இப்போது 1,10,000-க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் 85,000 ரூபாய் லாபம். இதற்கு வருமான வரி கட்ட வேண்டுமா?

அதே தெருவில் இன்னொருவர் ஒன்பது லட்சத்துக்கு வாங்கிய குடும்பக் காரை நாலு லட்சத்துக்கு விற்கிறார். ஐந்து லட்சம் போய்விட்டது. அந்த ஆண்டு பங்குச் சந்தையில் அவருக்கு மூன்று லட்சம் லாபம் வந்திருக்கிறது. கார் நஷ்டத்தைக் காட்டி அந்த லாபத்தின் வரியைக் குறைக்க முடியுமா?

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்: கிடையாது. முதலாமவர் வரி கட்ட வேண்டியதில்லை. இரண்டாமவர் நஷ்டத்தைக் கழிக்க முடியாது. ஆனால் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். எட்டு லட்சத்துக்கு வாங்கிய காரை நாலே முக்கால் லட்சத்துக்கு விற்றுவிட்டு, அதற்கு வரியும் கட்டுகிறவர். வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்றவர் எப்படி லாபக்காரர் ஆனார் என்பதுதான் பலருக்குப் புரியாத இடம். அதை நிதானமாகப் பார்ப்போம்.

சொத்து விற்றால் வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி போடுகிறது வருமான வரிச் சட்டம். ஆனால் எது மூலதனச் சொத்து என்று சொல்லும் இடத்திலேயே சிலவற்றை விலக்கி வைத்திருக்கிறது. வரி செலுத்துபவரோ, அவரைச் சார்ந்திருக்கும் குடும்பத்தாரோ சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் அசையும் பொருள்கள் அந்த விலக்கில் வருகின்றன. உடுப்பு, கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், வீட்டு ஸ்கூட்டர், குடும்பக் கார் எல்லாம் இதில் அடங்கும். 1961-ம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த விலக்கு, 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கும் புதிய வருமான வரிச் சட்டத்திலும் தொடர்கிறது.

தங்க நகைக்கு இந்தச் சலுகை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தினமும் கழுத்தில் கிடக்கும் சங்கிலியாக இருந்தாலும் அது மூலதனச் சொத்துதான். விற்றால் ஆதாயத்துக்கு வரி உண்டு. ஓவியம், சிற்பம், பழம்பொருள் சேகரிப்பு ஆகியவற்றுக்கும் அப்படியே. சட்டம் பெயர் சொல்லி இவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் வாகனம் இல்லை.

ஆக, சொந்த வண்டி மூலதனச் சொத்தே அல்ல. அதனால் அதை விற்று வரும் லாபம் மூலதன ஆதாயம் ஆகாது. அதே காரணத்தால் நஷ்டமும் மூலதன நஷ்டம் ஆகாது. லாபத்துக்கு மட்டும் விலக்கு கேட்டு, நஷ்டத்தை மட்டும் கணக்கில் சேர்க்க வழியில்லை. இதில் அநியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கார் வாங்கிய நாளிலிருந்து விலை இறங்குவது வழக்கம். அந்த இறக்கம் நாம் ஓட்டி அனுபவித்ததற்கான செலவு. வீட்டு வாடகையையோ பெட்ரோலையோ எப்படிப் பங்கு லாபத்தில் கழிக்க முடியாதோ, இதையும் அப்படித்தான் சட்டம் பார்க்கிறது. இந்த நஷ்டத்தை எல்லாரும் கழிக்கலாம் என்று விட்டால், கார் வைத்திருப்பவரின் சொந்தச் செலவில் ஒரு பகுதியைக் கார் இல்லாதவர் சுமக்க வேண்டி வரும்.

சொந்த உபயோகம் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. 1976-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிவான ஒரு வழக்கு, தோல்பூர் மகாராணா ஹேமந்த் சிங்ஜியுடையது. தங்க நாணயங்கள், வெள்ளி நாணயங்கள், வெள்ளிக் கட்டிகள் எல்லாம் லட்சுமி பூஜைக்கு வைத்துக்கொள்பவை, ஆகவே அவை சொந்த உபயோகப் பொருள் என்று வாதிடப்பட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு மனிதரோடு நெருக்கமாக ஒட்டி, வழக்கமாகப் பயன்படும் பொருளாக இருந்தால்தான் இந்த விலக்கு என்றது.

அந்த அளவுகோல் ஒரு காரின் மேலும் வைக்கப்பட்டது. 1931-ம் ஆண்டு ஃபோர்டு டூரர் கார் ஒன்றைச் சம்பளக்காரர் ஒருவர் 1983-ல் 20,000 ரூபாய்க்கு வாங்கினார். சில ஆண்டுகளில் அது 21 லட்சத்துக்கு விலைபோனது. சொந்தக் கார், வரி இல்லை என்றார் அவர். வழக்கு நீண்டு, 2025-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. சொந்த உபயோகத்துக்கு ஏற்ற பொருள் என்பது போதாது, உண்மையிலேயே சொந்தமாகப் பயன்படுத்தியதைக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அவர் அந்தக் காரைத் தன் போக்குவரத்துக்குப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை.

ஆகவே ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி ரோட்டில் ஓடியிருந்தால், இன்சூரன்ஸ் கட்டியிருந்தால், சர்வீஸ் பில் இருந்தால் கவலை இல்லை. உறை போட்டு மூடி, விலை ஏறட்டும் என்று ஷெட்டில் நிறுத்தியிருந்தால் அது சேகரிப்புப் பொருளாகப் பார்க்கப்படலாம். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபத்துக்கு 12.5 சதவீத வரி கேட்கப்படும் வாய்ப்பு இருக்கிறது. பழைய வண்டிகளை வாங்கி, பெயின்ட் அடித்து, எஞ்சின் பிரித்து மாட்டி, அடிக்கடி விற்கிறவரின் நிலை வேறு. அவர் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டாலும் வருமான வரியில் அது வியாபாரம். லாபம் வியாபார வருமானமாகச் சேரும், நஷ்டமும் வியாபார நஷ்டமாகக் கணக்காகும்.

இனி மூன்றாமவரிடம் வருவோம்.

அவர் ஈரோட்டில் ஜவுளிக் கமிஷன் வியாபாரம் செய்பவர் என்று கொள்வோம். 2021 மே மாதம் 8,00,000 ரூபாய்க்கு ஒரு கார் எடுத்தார். கடை வேலைக்கென்றே ஓடும் கார் என்பதால் ஆடிட்டர் அதை வியாபாரக் கணக்கில் சேர்த்து ஆண்டுதோறும் தேய்மானம் எழுதினார். சாதாரண கார், இரு சக்கர வாகனங்களுக்குத் தேய்மான விகிதம் 15 சதவீதம். முதல் ஆண்டு 1,20,000 கழிந்து 6,80,000 நின்றது. அடுத்த ஆண்டு அந்த 6,80,000-க்கு 15 சதவீதம், அதாவது 1,02,000 போய் 5,78,000. மூன்றாம் ஆண்டு முடிவில் 4,91,300. நான்காம் ஆண்டு முடிவில், அதாவது 2025 மார்ச் 31-ல், 4,17,605. இந்தக் கடைசி எண்ணுக்குத் தேய்மானம் போக நின்ற மதிப்பு என்று பெயர். ஆடிட்டர்கள் சுருக்கமாக டபிள்யூ.டி.வி. என்பார்கள்.

2026 ஜனவரியில் அந்தக் காரை 4,75,000-க்கு விற்கிறார். அவர் மனதில் ஓடும் கணக்கு, எட்டு லட்சத்தில் 3,25,000 நஷ்டம் என்பது. வரிக் கணக்கு அங்கிருந்து தொடங்குவதில்லை. அது 4,17,605-ல் தொடங்குகிறது. விற்ற விலை அதைவிட 57,395 ரூபாய் அதிகம். அந்தக் காரைத் தவிர அதே தேய்மான விகிதத்தில் வேறு எந்தச் சொத்தும் அவர் கணக்கில் இல்லையென்றால், இந்த 57,395 குறுகிய கால மூலதன ஆதாயம் ஆகிறது. காரை நாலரை ஆண்டு வைத்திருந்தார் என்பதால் அது நீண்ட கால ஆதாயம் ஆகிவிடாது. தேய்மானம் எழுதிய சொத்து என்றால் எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் குறுகிய காலம்தான். அவருடைய மற்ற வருமானத்தோடு சேர்ந்து அவருடைய வரிப் படிக்கு ஏற்ப வரி விழும். இருபது சதவீதப் படியில் இருப்பவராக இருந்தால் 11,479 ரூபாய், செஸ் தனி.

நஷ்டப்பட்டவனிடம் வரியா என்று கேட்கத் தோன்றும். இந்தக் கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்து போட்டுப் பாருங்கள். நான்கு ஆண்டுகளில் அவர் தேய்மானம் என்று வருமானத்திலிருந்து கழித்துக்கொண்டது மொத்தம் 3,82,395 ரூபாய். அந்த அளவுக்கு அவர் வரி கட்டாமல் இருந்திருக்கிறார். ஆனால் காரின் விலை உண்மையில் இறங்கியது 3,25,000 மட்டுமே. கூடுதலாகக் கழித்துக்கொண்டது 57,395. காரை விற்ற அன்று அந்தக் கூடுதல் தொகைதான் திரும்ப எடுக்கப்படுகிறது. சட்டம் அவரிடம் புதிதாக எதையும் பிடுங்கவில்லை, முன்னால் மதிப்பிட்டுக் கொடுத்த தள்ளுபடியை உண்மை விலை தெரிந்ததும் நேர்செய்கிறது. இந்தக் கணக்கு விளங்கிவிட்டால் மற்ற எல்லாம் எளிது.

தலைகீழாக நடந்தாலும் இதே நியாயம்தான். அதே கார் 3,50,000-க்குத்தான் போனது என்றால், நின்ற மதிப்பைவிட 67,605 குறைவு. அது குறுகிய கால மூலதன நஷ்டம். குடும்பக் கார் விற்றவருக்குக் கிடைக்காத உரிமை இவருக்குக் கிடைக்கிறது. இந்த நஷ்டத்தைப் பங்கு, நிலம், மனை எதிலிருந்து வந்த மூலதன ஆதாயத்திலும் கழிக்கலாம். கழிக்க ஆதாயம் இல்லையென்றால் எட்டு ஆண்டு வரை எடுத்துச் செல்லலாம். ஆனால் வருமான வரிப் படிவத்தைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். கடை லாபத்தில் இதைக் கழிக்க முடியாது.

இந்தக் கணக்கு வண்டிக்கு வண்டி தனித்தனியாகப் போடப்படுவதில்லை. ஒரே வகையைச் சேர்ந்து ஒரே தேய்மான விகிதம் உள்ள சொத்துகள் எல்லாம் ஒரே தொகுப்பாகப் பார்க்கப்படும். ஆடிட்டர் இதை பிளாக் என்பார். கடையில் இருக்கும் ஏ.சி., எடைத் தராசு, தையல் இயந்திரம், கடைப் பையன் ஓட்டும் ஸ்கூட்டர் ஆகியவையும் பொதுவாக அதே 15 சதவீத பிளாக்கில்தான் நிற்கின்றன.

நமது ஈரோட்டுக்காரருக்கு அப்படி ஸ்கூட்டரும் ஏ.சி.யும் சேர்ந்து 1,20,000 மதிப்பில் கணக்கில் இருக்கின்றன என்று கொள்வோம். அப்போது பிளாக்கின் மொத்தம் 5,37,605. கார் விற்ற 4,75,000-ஐ இதிலிருந்து கழித்தால் 62,605 மீதி. ஆதாயம் என்று எதுவும் இல்லை, நஷ்டமும் இல்லை. மீதி 62,605-க்கு வழக்கம்போல் 15 சதவீதத் தேய்மானம் எழுதிக்கொண்டே போகலாம். ஒரே கார், ஒரே விலை. கணக்கில் ஒரு ஸ்கூட்டரும் ஏ.சி.யும் இருந்ததால் அந்த ஆண்டில் வரி இல்லை. தேய்மானம் குறைவாகக் கிடைக்கும் என்பதால் வரி முழுதாகத் தப்பிவிடவில்லை, பின்வரும் ஆண்டுகளுக்குப் பரவிவிடுகிறது.

வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் கூர்மையாக வந்து விழும். டி-போர்டு கார், டாக்சி, லாரி, பஸ் ஆகியவற்றை வாடகைக்கு ஓட்டும் தொழிலில் தேய்மானம் 30 சதவீதம். ஒன்பது லட்சத்துக்கு எடுத்த டாக்சி, முழுத் தேய்மானம் எழுதினால் நான்கு ஆண்டில் கணக்குப்படி 2,16,090-க்கு வந்துவிடுகிறது. வண்டியைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து மூன்றரை லட்சத்துக்கு விற்றார் என்றால், ஒற்றை வண்டிக்காரருக்கு 1,33,910 ரூபாய் ஆதாயம். அந்தப் பணத்தை அப்படியே அடுத்த வண்டிக்கு முன்பணமாகக் கட்டியிருப்பார். அடுத்த ஜூலையில் ஆடிட்டர் சொல்லும்போதுதான் வரி இருப்பது அவருக்குத் தெரியவரும்.

கணக்குப் புத்தகம் எதுவும் எழுதாமல், விற்றுமுதலில் எட்டு சதவீதமோ ஆறு சதவீதமோ லாபம் என்று காட்டி வரி கட்டும் சிறு வியாபாரிகள் ஏராளம். நான்தான் தேய்மானமே எழுதவில்லையே, எனக்கு என்ன என்று அவர்கள் நினைக்கலாம். அந்த முறையில் தேய்மானம் ஏற்கனவே கொடுக்கப்பட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு ஆண்டு அந்த வண்டியின் மதிப்பு காகிதத்தில் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். விற்கும்போது அந்த இறங்கிய மதிப்பிலிருந்துதான் கணக்கு. உணவு டெலிவரிக்கு வண்டி ஓட்டி, இந்த முறையில் வரிப் படிவம் போடும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் ஓடி ஓடித் தேய்ந்த பைக் பெரும்பாலும் கணக்கு மதிப்பைவிடக் குறைந்த விலைக்கே போகிறது என்பதால் அவர்களுக்கு வரிச் சுமை வருவது அரிது.

உங்கள் வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆர்.சி. புக்கில் உங்கள் பெயர் இருப்பதோ, ஓன் போர்டாக இருப்பதோ இதை முடிவு செய்யாது. தனி உரிமையாளர் வியாபாரத்தில் வண்டி அவர் பெயரிலேயே இருக்கும், ஆனாலும் வியாபாரச் சொத்தாக இருக்கலாம். ஆடிட்டர் தயாரித்த பேலன்ஸ் ஷீட்டோடு தேய்மானப் பட்டியல் ஒன்று இணைந்திருக்கும். அதில் வண்டியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கணக்கில் ஏறிய வண்டி. பாதி சொந்தத்துக்கு, பாதி தொழிலுக்கு என்று சொல்லி ஒரு பங்குத் தேய்மானம் மட்டும் எழுதியிருந்தாலும், விற்கும்போது முழுக்கச் சொந்த வண்டி என்று சொல்லிவிட முடியாது. தொழிலுக்கு எழுதிய பங்குக்குக் கணக்கு காட்ட வேண்டும்.

ஜி.எஸ்.டி. பற்றி 2024 டிசம்பரில் எழுந்த பீதி இன்னும் முழுதாக அடங்கவில்லை. அந்த மாதம் 21-ம் தேதி ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், பழைய வாகனங்களுக்கான வரியை மின்சார வண்டி உட்பட எல்லாவற்றுக்கும் ஒரே சீராக 18 சதவீதம் என்று ஆக்கியது. 12 லட்சத்துக்கு வாங்கிய காரை 9 லட்சத்துக்கு விற்றால், நஷ்டமான மூன்று லட்சத்துக்கே 18 சதவீதம் கட்ட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கணக்குகள் பறந்தன. அது தவறு. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத ஒருவர் தன் வண்டியை விற்றால் இந்த வரியே இல்லை. பதிவு பெற்றவரே ஆனாலும், தொழில் கணக்கில் சேராத வீட்டுக் காரை விற்பது தொழிலின் பகுதி ஆகாது.

பதிவு பெற்றவர் தொழில் கணக்கில் உள்ள வண்டியை விற்கும்போதும் முழு விலைக்கு வரி இல்லை, வித்தியாசத்துக்கு மட்டும்தான். தேய்மானம் எழுதிய வண்டி என்றால், வித்தியாசம் என்பது விற்ற விலைக்கும் நின்ற மதிப்புக்கும் இடையே உள்ளது. அது கழித்தலில் போனால் வரி பூஜ்யம். நமது ஈரோட்டுக்காரர் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் என்றால் அதே 57,395-க்கு 18 சதவீதம், சுமார் 10,331 ரூபாய். இங்கே ஒரு நுணுக்கம். வருமான வரியில் பிளாக்கில் ஸ்கூட்டரும் ஏ.சி.யும் இருந்ததால் அவர் தப்பினார். ஜி.எஸ்.டி.யில் அந்தத் தொகுப்பு உதவாது, விற்ற வண்டியின் மதிப்பு மட்டுமே பார்க்கப்படும். வருமான வரி இல்லை என்றாகிவிட்டதே என்று ஜி.எஸ்.டி.யை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால் இந்த வித்தியாசக் கணக்கே கிடைக்காது. சாதாரண காருக்கும் பைக்குக்கும் பெரும்பாலான தொழில்களில் அந்த வரவு எடுக்கவே சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால் இந்தச் சிக்கல் பலருக்கு வராது.

பழைய கார் வாங்கி விற்கும் கடைக்காரர் உங்கள் வண்டியை நாலு லட்சத்துக்கு எடுத்து 4,60,000-க்கு விற்றால், அவருடைய வித்தியாசமான 60,000-க்கு 10,800 ரூபாய் ஜி.எஸ்.டி. அவர்தான் கட்டுவார். அந்தத் தொகையை மனதில் வைத்துத்தான் உங்களிடம் விலை பேசுகிறார் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

வரியே இல்லாத குடும்ப வண்டி விற்பவரும் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. அது ரொக்கம். 2017 ஏப்ரல் முதல், ஒரே நாளில் ஒருவரிடமிருந்தோ, ஒரே பரிவர்த்தனைக்காகவோ இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு, வாங்கிய தொகை முழுதும் அபராதம். கொடுத்தவருக்கு அல்ல, வாங்கியவருக்கு. அதாவது வண்டி விற்றவருக்கு. பழைய காரை 3,40,000-க்குப் பேசி முடித்து, முன்பணம் நாற்பதாயிரம், மறுநாள் ஒன்றரை லட்சம், அதற்கடுத்த நாள் ஒன்றரை லட்சம் என்று பிரித்து ரொக்கமாக வாங்கினாலும் அது ஒரே விற்பனைதான். விதி மீறியதாகிவிடும். புரோக்கர் மூலம் நடக்கும் விற்பனைகளில் இது சர்வசாதாரணமாக நடக்கிறது. பணத்தை வங்கி மாற்றமாகவோ வங்கிக் காசோலையாகவோ கேட்டு வாங்குங்கள்.

ரொக்கமாக வந்த பணத்தை வங்கியில் கட்டிவிட்டு, பின்னர் வருமான வரித் துறை கேட்டால் சொல்வதற்கு எதுவும் இல்லாமல் நிற்பது அடுத்த தொல்லை. கார் விற்ற பணம் என்று வாயால் சொன்னால் போதாது. ஆர்.டி.ஓ.வில் கொடுத்த படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றின் நகல், வாங்கியவர் கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம், பேர் மாறிய ஆர்.சி.யின் நகல், பணம் வந்த வங்கிப் பதிவு இவை நான்கும் ஒரு கவரில் இருந்தால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். குடும்ப வண்டி விற்ற பணம் வருமானமே அல்ல என்பதால் படிவத்தில் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆதாரம் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

கணக்கில் ஏறிய வண்டியை விற்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை பேசும் முன் ஆடிட்டரிடம் இரண்டு எண்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: வண்டியின் நின்ற மதிப்பு எவ்வளவு, அந்த பிளாக்கில் மொத்தம் எவ்வளவு. புது வண்டி எடுக்கும் எண்ணம் இருந்தால் இரண்டையும் ஒரே நிதியாண்டில் முடியுங்கள். ஈரோட்டுக்காரர் ஜனவரியில் விற்று மார்ச் 31-க்குள் பத்து லட்சத்துக்குப் புதுக் கார் எடுத்திருந்தால், அந்தப் பத்து லட்சம் அதே பிளாக்கில் சேர்ந்து, அவரிடம் ஏ.சி.யும் ஸ்கூட்டரும் இல்லாவிட்டாலும் 57,395 ரூபாய் ஆதாயம் எழுந்திருக்காது. 180 நாளுக்குக் குறைவாக ஓடியதால் புது வண்டிக்கு அந்த ஆண்டு பாதித் தேய்மானம்தான் கிடைக்கும், அவ்வளவே. நல்ல நாள் பார்த்து ஏப்ரலில் எடுப்போம் என்று தள்ளிப் போட்டால், மார்ச் 31 அன்று பிளாக் காலியாக நிற்கும், வரி அந்த ஆண்டிலேயே விழும். நாள் பார்ப்பவர்கள் மார்ச்சுக்குள் ஒரு நல்ல நாள் பாருங்கள்.